தவறாக அறவிடப்பட்ட வங்கித் தண்டக் கட்டணத்தை மீளப் பெறுதல்: கணக்கும் கடிதமும்

வங்கிக் கணக்கில் போதிய பணம் இல்லாத வேளையில் ஒரு காசோலையோ தானியங்கிப் பற்றோ வந்து சேர்ந்தால், வங்கி அதனைத் திருப்பி அனுப்புகிறது. அதற்கென ஒரு தண்டக் கட்டணத்தையும் அதே கணக்கிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மாதாந்தக் கணக்கறிக்கையில் இது பெரும்பாலும் NSF என்ற மூன்று எழுத்துகளுடன் பதிவாகும். தமிழில் இதனைப் போதிய பணமின்மைக் கட்டணம் எனலாம். வெக்ஸ்போர்ட் பகுதியில் மணிநேரச் சம்பளத்தில் வாழும் குடும்பங்களில், சம்பளம் வரும் நாளும் தொலைபேசி, காப்புறுதி ஆகியவற்றின் பற்று நாள்களும் பொருந்தாமல் போகும்போது இக்கட்டணம் அடிக்கடி நேர்கிறது.

எல்லாத் தண்டக் கட்டணமும் தவறானதன்று. சரியாக அறவிடப்பட்ட கட்டணத்தைத் திருப்பித் தருமாறு கேட்பது சலுகை கோருவதாகும். தவறாக அறவிடப்பட்டதைக் கேட்பது உரிமை கோருவதாகும். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்து எழுதினால், வங்கி முழுக் கோரிக்கையையும் சலுகையாகவே கருதி, ஏதேனும் ஒரு கட்டணத்தை நல்லெண்ணத்தின் பேரில் திருப்பிக் கொடுத்து விடயத்தை முடித்துவிடக்கூடும். ஆகவே கடிதம் எழுதுவதற்கு முன், எந்தக் கட்டணம் தவறு, எது சரி என்பதைக் கணக்கிட்டுப் பிரித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கைச் செய்யும் முறையையும், அதனைக் கடிதமாக்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சட்டம் வகுத்துள்ள மூன்று வரம்புகள்

பல ஆண்டுகளாகக் கனடாவின் பெரும் வங்கிகள் ஒவ்வொரு முறை திருப்பப்படும் கொடுப்பனவுக்கும் 45 டொலரோ அதற்குச் சற்று மேலாகவோ அறவிட்டு வந்தன. கூட்டாட்சி அரசு இதற்கு வரம்பு விதிக்கும் ஒழுங்குவிதிகளை 2025 மார்ச் மாதத்தில் வெளியிட்டது. அவை நடைமுறைக்கு வரும் நாள் 2026 மார்ச் 12 என நிர்ணயிக்கப்பட்டது. அந்நாளிலிருந்து வங்கிகளின் தனிநபர் வைப்புக் கணக்குகளுக்கு மூன்று வரம்புகள் பொருந்தும்.

முதலாவது, ஒரு கட்டணம் 10 டொலரை மிஞ்சக் கூடாது. இரண்டாவது, கணக்கில் குறைந்த தொகை 10 டொலருக்கும் குறைவாக இருந்தால் கட்டணமே அறவிடக் கூடாது. மூன்றாவது, ஒரே கணக்கில் இரண்டு வேலை நாள்களுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டணம் அறவிடக் கூடாது.

இவற்றோடு வங்கிச் சட்டத்தின் பொதுவான ஏற்பாடு ஒன்றும் சேர்கிறது. வாடிக்கையாளருடனான ஒப்பந்தத்தில் இடமில்லாத கட்டணத்தையோ தண்டத்தையோ வங்கி அறவிட்டால், அதனை வட்டியுடன் திருப்பித் தர வேண்டும். இந்த ஏற்பாடு 2022 ஜூன் 30 முதல் நடைமுறையில் உள்ளது.

இவ்வரம்புகள் பொருந்தாத இடங்களும் உள்ளன. வணிகக் கணக்குகளுக்கு இவை பொருந்தா. ஒன்ராறியோவின் கடன் சங்கங்கள் மாகாணச் சட்டத்தின்கீழ் இயங்குவதால், கூட்டாட்சி ஒழுங்குவிதிகள் அவற்றைக் கட்டுப்படுத்தா. மேலதிகப்பற்று வசதி பெற்றவரின் கொடுப்பனவை வங்கி திருப்பி அனுப்பாமல் தானே செலுத்திவிட்டு அறவிடும் கட்டணமும் வட்டியும் வேறு வகையைச் சேர்ந்தவை. எனவே கணக்கறிக்கையில் உள்ளது திருப்பப்பட்ட கொடுப்பனவுக்கான கட்டணமா, மேலதிகப்பற்றுக் கட்டணமா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

பின்வருவது விளக்கத்துக்காக அமைக்கப்பட்ட எடுத்துக்காட்டு. வாடிக்கையாளர் ஒருவரின் தனிநபர் கணக்கில் 2026 ஏப்ரல் 30 ஆம் நாள் முடிவில் 236.15 டொலர் மீதி இருந்தது. மேலதிகப்பற்று வசதி இல்லை. அடுத்த இரு வாரங்களில் அவருடைய கணக்கறிக்கை காட்டியவை இவை:

| நாள் | நிகழ்வு | தொகை | மீதி |
|---|---|---|---|
| மே 1, வெள்ளி | வாகனக் காப்புறுதி, செலுத்தப்பட்டது | 187.50 | 48.65 |
| மே 4, திங்கள் | தொலைபேசி 56.50, திருப்பப்பட்டது, கட்டணம் | 10.00 | 38.65 |
| மே 5, செவ்வாய் | நீச்சல் பயிற்சி 45.00, திருப்பப்பட்டது, கட்டணம் | 10.00 | 28.65 |
| மே 8, வெள்ளி | இணையவழிப் பண வரவு | 15.00 | 43.65 |
| மே 11, திங்கள் | தொலைபேசி 56.50 மீண்டும் வந்து திருப்பப்பட்டது. கட்டணம் | 10.00 | 33.65 |
| மே 15, வெள்ளி | சம்பள வரவு | 640.00 | 673.65 |

மே 11 ஆம் நாள் தொலைபேசிக் கட்டணம் இரண்டாம் முறை வந்ததில் முறைகேடு ஏதுமில்லை. பணமின்மையால் திருப்பப்பட்ட தானியங்கிப் பற்றை, அதே தொகைக்கு, 30 நாள்களுக்குள் ஒருமுறை மீண்டும் முன்வைக்கக் கனடாவின் கொடுப்பனவு விதிகள் இடமளிக்கின்றன.

கணக்கில் மூன்று கட்டணங்கள், மொத்தம் 30.00 டொலர் அறவிடப்பட்டுள்ளன. மூன்றையும் திருப்பித் தருமாறு எழுதவே மனம் விரும்பும். ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

முதற் கட்டணம்: குறைந்த தொகையைக் காணுதல்

மே 4 ஆம் நாள் கணக்கில் இருந்தது 48.65. வந்த பற்று 56.50. குறைந்த தொகை, 56.50 இலிருந்து 48.65 ஐக் கழிக்கக் கிடைக்கும் 7.85 டொலர். இது 10 டொலருக்கும் குறைவு. பற்றைத் திருப்பி அனுப்ப வங்கிக்கு உரிமை உண்டு. அதற்குக் கட்டணம் அறவிட உரிமை இல்லை. எனவே முதற் கட்டணமாகிய 10.00 தவறு.

இவ்விடத்தில் பலர் ஒரு பிழை விடுவர். கணக்கறிக்கையில் அச்சாகும் மீதி வேறு, அந்த நேரத்தில் எடுக்கக் கிடைத்த மீதி வேறாக இருக்கலாம். வைப்பிலிட்ட காசோலை ஒன்றை வங்கி சில நாள்கள் தடுத்து வைத்திருந்தால், அத்தொகை மீதியில் காணப்பட்டாலும் கொடுப்பனவுக்குப் பயன்படாது. குறைந்த தொகையைக் கணக்கிட எடுக்க வேண்டியது எடுக்கக் கிடைத்த மீதியையே. இந்த எடுத்துக்காட்டில் தடுத்து வைக்கப்பட்ட வைப்பு எதுவும் இல்லை; ஆகவே இரண்டும் ஒன்றே. ஐயம் இருந்தால், குறித்த நாளின் எடுக்கக் கிடைத்த மீதியையும் கொடுக்கல் வாங்கல்கள் பதிவான ஒழுங்கையும் அச்சிட்டுத் தருமாறு கிளையில் கேட்கலாம். மீதி 100 டொலருக்குக் கீழ் இறங்கும்போது வங்கி அனுப்பும் எச்சரிக்கைக் குறுஞ்செய்தியும் நல்ல சான்று. அதனை அழிக்காமல் வைத்திருத்தல் நன்று.

இரண்டாம் கட்டணம்: ஒரு பிழை இன்னொன்றைத் தோற்றுவித்தல்

மே 5 ஆம் நாள் கணக்கில் இருந்தது 38.65. நீச்சல் பயிற்சிப் பற்று 45.00. குறைந்த தொகை 6.35 டொலர். இதுவும் 10 டொலருக்கும் குறைவு. அத்துடன் முந்திய நாளே ஒரு கட்டணம் அறவிடப்பட்டுவிட்டது. இரண்டு வேலை நாள்களுக்குள் இரண்டாவது கட்டணம் கூடாது என்ற வரம்பும் இங்கே மீறப்பட்டுள்ளது.

இவ்விரண்டு காரணங்களையும்விட முக்கியமானது மூன்றாவது காரணம். முதல் நாளின் தவறான 10.00 எடுக்கப்படாதிருந்தால், மே 5 ஆம் நாள் கணக்கில் 48.65 இருந்திருக்கும். 45.00 முழுமையாகச் செலுத்தப்பட்டு, 3.65 மீதியாகியிருக்கும். அந்தக் கொடுப்பனவு திரும்பியதற்குக் காரணம் வாடிக்கையாளரின் பணமின்மையன்று. வங்கி எடுத்த தவறான கட்டணமே. இதனைக் கடிதத்தில் காட்டாவிட்டால், 10 டொலர் மட்டுமே பேசப்படும். காட்டினால், கொடுப்பனவு திரும்பியதால் நேர்ந்த வெளி இழப்பையும் பேச வழி பிறக்கும்.

மூன்றாம் கட்டணம்: கேட்கக் கூடாதது எது

மே 11 ஆம் நாள் கணக்கில் இருந்தது 43.65. வந்த பற்று 56.50. குறைந்த தொகை 12.85. இது 10 டொலரை மிஞ்சுகிறது, முந்திய கட்டணத்திலிருந்து இரண்டு வேலை நாள்களும் கடந்துவிட்டன, அறவிட்டதும் 10.00 மட்டுமே. மேலோட்டமாகப் பார்த்தால் இக்கட்டணம் சரி.

ஆனால் ஒருவர் இவ்வாறு வாதிட முனையலாம்: தவறாக எடுத்த 20.00 கணக்கில் இருந்திருந்தால் 43.65 என்பது 63.65 ஆகியிருக்கும், 56.50 செலுத்தப்பட்டிருக்கும், எனவே மூன்றாம் கட்டணமும் தவறு. கூட்டல் சரியே, வாதம் சரியன்று. தவறான கட்டணம் எடுக்கப்படாதிருந்தால் நீச்சல் பயிற்சிக்கான 45.00 மே 5 ஆம் நாளே கணக்கை விட்டுப் போயிருக்கும். அந்த 45.00 இருந்தபடியே இருக்க, 20.00 ஐயும் சேர்த்துக்கொள்ள முடியாது. நிகழ்ந்திருக்க வேண்டியதை முதலிலிருந்து வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்:

| நாள் | நிகழ்ந்திருக்க வேண்டியது | தொகை | மீதி |
|---|---|---|---|
| மே 1 | காப்புறுதி செலுத்தப்பட்டது | 187.50 | 48.65 |
| மே 4 | தொலைபேசி திருப்பப்பட்டது. கட்டணம் இல்லை | 0.00 | 48.65 |
| மே 5 | நீச்சல் பயிற்சி செலுத்தப்பட்டது | 45.00 | 3.65 |
| மே 8 | பண வரவு | 15.00 | 18.65 |
| மே 11 | தொலைபேசி திருப்பப்பட்டது, குறைவு 37.85; கட்டணம் | 10.00 | 8.65 |
| மே 15 | சம்பள வரவு | 640.00 | 648.65 |

திருத்திய அட்டவணையிலும் மே 11 ஆம் நாள் பணம் போதவில்லை. எனவே மூன்றாம் கட்டணம் சரியானது. அதனைத் தவறென்று எழுதக் கூடாது.

இரு அட்டவணைகளையும் கொண்டு விடையைச் சரிபார்க்கலாம். திருத்திய அட்டவணையின் இறுதி மீதி 648.65. நீச்சல் பயிற்சிக்கான 45.00 உண்மையில் கணக்கிலிருந்து போகவில்லை. அதனைக் கூட்டினால் 693.65. கணக்கறிக்கை காட்டும் மீதி 673.65. இடைவெளி 20.00. தவறான கட்டணங்கள் இரண்டின் கூட்டுத்தொகையும் அதுவே. இவ்வாறு இரு வழிகளிலும் ஒரே தொகை வராவிட்டால், எங்கோ ஒரு வரி விடுபட்டுள்ளது என்பது பொருள். கடிதத்தை அனுப்புவதற்கு முன் அதனைக் கண்டுபிடிக்க வேண்டும்.

வட்டியும் வெளி இழப்பும்

திருப்பித் தரும் தொகைக்கான வட்டி, கட்டணம் அறவிடப்பட்ட நாளில் கனடிய மத்திய வங்கி வெளியிட்ட ஓரிரவு வட்டி வீதத்தின்படி கணிக்கப்படும். தொகை சிறிதாகையால் வட்டியும் மிகச் சிறிது. வீதம் 3 விழுக்காடு என்று கொண்டால், 20.00 டொலருக்கு 30 நாள் வட்டி ஐந்து சதமளவே ஆகும். எனவே வாடிக்கையாளர் வட்டியைத் தாமே கணிக்க வேண்டியதில்லை. சட்டப்படியான வட்டியும் சேர்க்கப்பட வேண்டும் என்ற ஒரு வரி போதும். அந்த வரிக்கு வேறொரு பயன் உண்டு: வட்டியுடன் திருப்பித் தரப்படுவது பிழை திருத்தம் என்பதால், கோரிக்கை சலுகையாகப் பதிவாவதை அது தடுக்கிறது.

வெளி இழப்பு என்பது பணம் பெறவேண்டிய நிறுவனம் தன் பங்குக்கு அறவிடும் கட்டணம். எடுத்துக்காட்டில், நீச்சல் பயிற்சி நடத்தும் நிறுவனம் கொடுப்பனவு திரும்பியதற்காக 25.00 அறவிட்டது, வாடிக்கையாளர் மே 16 ஆம் நாள் 45.00 ஐயும் 25.00 ஐயும் சேர்த்து 70.00 செலுத்திப் பற்றுச்சீட்டுப் பெற்றார். தொலைபேசி நிறுவனமும் இவ்வாறு அறவிட்டிருந்தால் அதனை வங்கியிடம் கேட்க முடியாது; அந்தக் கொடுப்பனவு மே 4 ஆம் நாள் உண்மையான பணமின்மையால் திரும்பியது. ஆனால் நீச்சல் பயிற்சிக் கொடுப்பனவு வங்கியின் தவறான கட்டணத்தால் திரும்பியது. ஆகவே அந்த 25.00 ஐக் கோரலாம்.

எனினும் இது கட்டணத்தைத் திருப்பித் தரும் கடமையைப் போல் தானாகவே பொருந்துவதன்று. வங்கியின் பிழையால் விளைந்த இழப்பு என்று காரணம் காட்டிக் கேட்க வேண்டியது. வங்கி மறுக்கவும் கூடும். ஆகவே கடிதத்தில் இதனை வேறு தலைப்பில் வைக்க வேண்டும். அப்போதுதான் 25.00 பற்றிய கருத்து வேறுபாடு 20.00 ஐத் தாமதப்படுத்தாது.

மாதிரிக் கடிதம்

கடிதம் எழுதுமுன் ஒருமுறை கிளையிலோ தொலைபேசியிலோ கேட்பது நல்லது. பல பிழைகள் அங்கேயே தீர்ந்துவிடும். பேசிய நாளையும் அலுவலர் கூறியதையும் குறித்துக்கொள்ள வேண்டும். தீராவிட்டால் கடிதம் எழுத வேண்டும். வங்கிகள் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ கடிதத்தை எதிர்பார்க்கும். கீழுள்ள மாதிரியின் ஒழுங்கை அப்படியே பின்பற்றி ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளலாம். அட்டவணையின் எண்களுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை.

> 2026 மே 20
>
> கிளை முகாமையாளர் அவர்களுக்கு,
>
> விடயம்: முறைப்பாடு. தவறாக அறவிடப்பட்ட போதிய பணமின்மைக் கட்டணங்கள் இரண்டைத் திருப்பித் தரல், மொத்தம் 20.00 டொலர். கணக்கின் இறுதி நான்கு இலக்கங்கள்: ....
>
> எனது தனிநபர் கணக்கில் 2026 மே 4, மே 5, மே 11 ஆகிய நாள்களில் தலா 10.00 டொலர் கட்டணம் அறவிடப்பட்டது. இவற்றுள் மே 11 ஆம் நாள் கட்டணத்தை நான் மறுக்கவில்லை. ஏனைய இரண்டும் 2026 மார்ச் 12 முதல் நடைமுறையில் உள்ள ஒழுங்குவிதிகளுக்கு முரணானவை.
>
> மே 4: மீதி 48.65, பற்று 56.50, குறைவு 7.85. குறைவு 10.00 டொலருக்குக் கீழ்ப்பட்டதால் கட்டணம் அறவிட இடமில்லை.
>
> மே 5: மே 4 ஆம் நாள் கட்டணம் எடுக்கப்படாதிருந்தால் மீதி 48.65 ஆக இருந்து 45.00 செலுத்தப்பட்டிருக்கும். அவ்வாறன்றி 38.65 என்ற மீதியையே கொண்டாலும் குறைவு 6.35 மட்டுமே, மேலும் அது இரண்டு வேலை நாள்களுக்குள் அறவிடப்பட்ட இரண்டாவது கட்டணம்.
>
> கோரிக்கை அ: 10.00 + 10.00 = 20.00 டொலரையும், அறவிடப்பட்ட நாள்களிலிருந்து சட்டப்படியான வட்டியையும் எனது கணக்கில் வரவு வைக்க வேண்டுகிறேன்.
>
> கோரிக்கை ஆ: மே 5 ஆம் நாள் கொடுப்பனவு திரும்பியதால் பெறுநருக்கு நான் செலுத்திய 25.00 டொலரை இழப்பீடாகத் தர வேண்டுகிறேன். இது கோரிக்கை அ இலிருந்து வேறானது. ஒன்றின் தீர்வுக்காக மற்றொன்றைத் தாமதிக்க வேண்டாம்.
>
> இணைப்பு: கணக்கறிக்கையின் படி, நிகழ்ந்ததையும் நிகழ்ந்திருக்க வேண்டியதையும் காட்டும் அட்டவணைகள், பெறுநரின் பற்றுச்சீட்டின் படி.
>
> இக்கடிதத்தை முறைப்பாடாகப் பதிவுசெய்து, பதிவு நாளையும் தொடர்பு இலக்கத்தையும் எழுத்தில் அறியத் தர வேண்டுகிறேன்.
>
> இங்ஙனம்,
> (ஒப்பம், பெயர், முகவரி, தொலைபேசி)

கடிதத்தில் மூன்று விடயங்கள் கவனிக்கத்தக்கவை. "முறைப்பாடு" என்ற சொல் விடயத்திலேயே உள்ளது. வங்கி அதனை வெறும் விசாரிப்பாகக் கொள்ளாது, முறைப்பாட்டு நடைமுறையின்கீழ்ப் பதிவுசெய்ய அது வழிசெய்கிறது. சரியான கட்டணம் முதற் பந்தியிலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. எஞ்சிய இரண்டும் ஆராய்ந்து கேட்கப்பட்டவை என்பது அதனால் விளங்கும். மே 5 ஆம் நாள் கட்டணத்துக்கு வலுவான காரணம் முன்னும் மற்றவை பின்னும் வருகின்றன; முதற் காரணத்தை வங்கி ஏற்காவிட்டாலும் ஏனையவை நிற்கும்.

முழுக் கணக்கிலக்கம், கடவுச்சொல், சமூகக் காப்புறுதி இலக்கம் ஆகியவற்றைக் கடிதத்தில் எழுத வேண்டியதில்லை. மூலப் பத்திரங்களைக் கொடுக்காது, படிகளையே இணைக்க வேண்டும். நேரில் கொடுத்தால், தம்மிடம் வைத்திருக்கும் படியில் பெற்றுக்கொண்ட நாளும் ஒப்பமும் பெற்றுக்கொள்ள வேண்டும்.

பதிலும் அதன் பின்னும்

வங்கி முறைப்பாட்டைப் பெற்றுக்கொண்ட நாளிலிருந்து 56 நாள்களுக்குள் அதனைத் தீர்க்க வேண்டும். மே 20 ஆம் நாள் பெற்றுக்கொண்டால், 56 ஆம் நாள் ஜூலை 15. அந்நாளை நாட்காட்டியில் குறித்துவைப்பது நல்லது.

பதில் வந்ததும் பார்க்க வேண்டியது, கணக்கில் வந்த தொகையையும் அதற்குக் கூறப்பட்ட காரணத்தையும். 10.00 டொலர் மட்டும் நல்லெண்ணத்தின் பேரில் தரப்பட்டதாகச் சொல்லப்பட்டால், கோரிக்கை தீரவில்லை. பெற்ற 10.00 ஐக் கழித்து, எஞ்சிய 10.00 எந்த நாளுக்குரியது என்பதையும் குறிப்பிட்டு, அதே தொடர்பு இலக்கத்துடன் மீண்டும் எழுத வேண்டும். வாடிக்கையாளருக்குச் சலுகையாகத் திருப்பித் தரும் வாய்ப்பை வங்கிகள் அளவோடே வழங்குவது வழக்கம். தன் உரிமையைச் சலுகையாகப் பெற்றவர், பிறகு உண்மையிலேயே சலுகை தேவைப்படும் நாளில் அதனை இழந்திருப்பார்.

56 நாள்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த இறுதிப் பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, வங்கிச் சேவைகளுக்கும் முதலீடுகளுக்குமான குறைகேள் அலுவலகத்திடம் செல்லலாம். 2024 நவம்பர் 1 முதல் கனடாவின் எல்லா வங்கிகளுக்கும் இதுவே ஒரே வெளி முறைப்பாட்டு அமைப்பு. இதன் சேவைக்குக் கட்டணம் இல்லை. வங்கியின் இறுதிப் பதில் கிடைத்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள் அணுக வேண்டும். இவ்வமைப்பின் முடிவு பரிந்துரையே. நீதிமன்றத் தீர்ப்பைப் போல் வங்கியைக் கட்டுப்படுத்துவதன்று.

கனடிய நிதி நுகர்வோர் முகவரகத்துக்கும் அறிவிக்கலாம். அது வங்கிகள் சட்டத்தைப் பின்பற்றுகின்றனவா என்று மேற்பார்வை செய்யும் அரச அமைப்பு. தனி ஒருவரின் 20.00 டொலரை அது மீட்டுத் தராது. ஆனால் ஒரே பிழை பலருடைய கணக்குகளில் நேர்ந்திருந்தால், அதனை அறிய இத்தகைய அறிவிப்புகள் உதவும்.

வெக்ஸ்போர்ட் வாசிகளுக்கு

கணக்கறிக்கையை அச்சிடவும் படியெடுக்கவும் ரொறன்ரோ பொது நூலகத்தின் கிளைகளைப் பயன்படுத்தலாம். லோறன்ஸ் அவெனியூ கிழக்கில் உள்ள மக்கிரெகர் பார்க் கிளை வெக்ஸ்போர்ட்டுக்கு அண்மையில் உள்ளது. கடிதத்தை ஆங்கிலத்தில் எழுத உதவி வேண்டுவோர் 211 என்ற இலக்கத்தை அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு, அருகிலுள்ள குடியேற்ற உதவி நிலையத்தின் விவரத்தைப் பெறலாம். அவ்வாறு செல்லும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை: கட்டணம் அறவிடப்பட்ட நாளுக்கு முன்னும் பின்னுமான முழுக் கணக்கறிக்கை, வங்கியுடன் பேசிய நாள்களின் குறிப்பு, பெறுநரின் பற்றுச்சீட்டு, வீட்டில் எழுதிய இரு அட்டவணைகள். அட்டவணைகள் தயாராக இருந்தால் கடிதம் எழுத அதிக நேரம் தேவைப்படாது.